யோகா தினத்துக்கு மூச்சுக் கவிதை எழுதுறது எப்படி: கூட்டமே சேர்ந்து மூச்சு விடுற மாதிரி ஒரு முழு வழிகாட்டி

ஜூன் 21 வந்தா காலனி பூங்காவுலயோ பஞ்சாயத்து ஸ்கூல் கிரவுண்டுலயோ யோகா நடக்கும், அதுல "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, ஒரு கவிதை சொல்லுங்க"ன்னு யாரையாவது பிடிச்சு மைக்கை கொடுத்துடுவாங்க. எழுதறவங்க யோகாவோட பெருமையை நாலு பத்தி எழுதிட்டு வருவாங்க, ஜனங்க வெயில்ல நின்னு கேட்டுட்டு கைதட்டுவாங்க, அவ்வளவுதான். நான் இங்க சொல்லப்போறது வேற மாதிரி கவிதை. படிக்கப் படிக்க எதிர்ல நிக்கிறவங்க கை மேல போகணும், கீழ வரணும், மூச்சு அதோட சேர்ந்து போய் வரணும். ரெண்டு மூணு நிமிஷம் போதும். நேரா நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி இறக்குற தாடாசனத்தை மட்டும் எடுத்துக்கிட்டு ஒரு கவிதையை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கட்டிக் காட்டுறேன்.

1. எழுத உக்காரதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும்

முதல் விஷயம், உங்க கவிதை நிகழ்ச்சியில எந்த இடத்துல வருது. ஆயுஷ் அமைச்சகத்தோட பொது யோகா நெறிமுறையைத்தான் நிறைய இடத்துல ஃபாலோ பண்றாங்க, அது மொத்தம் சுமார் 45 நிமிஷம். முதல்ல பிரார்த்தனை, அப்புறம் கழுத்து தோள் இடுப்பு முட்டியை அசைச்சு இளக்குற பயிற்சி, அதுக்கப்புறம் நின்னு பண்ற ஆசனங்க, அதுல முதல்ல வர்றது தாடாசனம். உடம்பு இளகினதுக்கு அப்புறம், தாடாசனத்துக்கான நேரத்துலயே கவிதையை வைக்கச் சொல்லி மாஸ்டர்கிட்ட கேளுங்க. தொடக்க விழாவுல சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு நடுவுல வச்சா அப்போ எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க, மூச்சைப் பத்தி ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

ரெண்டாவது, யார் வர்றாங்க. தாத்தா பாட்டி, ஸ்கூல் பசங்க, நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்தவங்க, முட்டி வலியால சேர்ல உக்காந்தே பண்றவங்க எல்லாரும் ஒரே கூட்டத்துல இருப்பாங்க. நீங்க எழுதுற ஒவ்வொரு வரியும் சேர்ல இருக்கிறவங்களுக்கும் பொருந்துதான்னு பாருங்க. "கைகள் மேலே" அவங்களுக்கும் பொருந்தும், "குதிகாலை உயர்த்தி நில்" பொருந்தாது.

மூணாவது, படிக்கப்போறது யார். நீங்களே படிச்சா நல்லது. ஆனா படிக்கிறவங்க ஆசனம் பண்ணக்கூடாது, அது மாஸ்டர் வேலை. கை தூக்கிட்டு மைக்கும் பிடிக்க முடியாது, அதோட படிக்கிறவங்களுக்கு அவங்க மூச்சு வேற ஒரு வேலைக்கு வேணும், அது அடுத்து.

2. மூச்சு உள்ள போறப்போ வாயை மூடிக்கோங்க

இந்த வழிகாட்டியில ஒன்னே ஒன்னைத்தான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா இதை வச்சுக்கோங்க. பேசுறது எப்பவுமே வெளிமூச்சுலதான் நடக்கும். உள்ள இழுத்துக்கிட்டே யாராலயும் ஒரு வரி படிக்க முடியாது. புதுசா எழுதறவங்க "மூச்சை மெல்ல மெல்ல ஆழமாய் உள்ளே இழுத்து நெஞ்சம் நிறைய நிரப்பிடுவோம்"னு நீளமா எழுதிடுவாங்க, அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஜனங்க இழுத்து முடிச்சு, அடக்கி வச்சிருந்து, சில பேர் விட்டுட்டு மறுபடியும் இழுத்துட்டு இருப்பாங்க, படிக்கிறவருக்கோ மூச்சே காலி ஆயிருக்கும்.

அதனால உள்மூச்சுக்கு ரெண்டு மூணு சொல் மட்டும் வைங்க. அது ஒரு சைகைதான். சொல்லிட்டு நிறுத்திடுங்க. அந்த மௌனத்துல ஜனங்க இழுப்பாங்க, நீங்களும் மைக்குக்குப் பின்னாடி அமைதியா இழுங்க. அப்புறம் வெளிமூச்சு வரியை நீளமா படிங்க, உங்க மூச்சும் வெளிய வருது, அவங்க மூச்சும் வெளிய வருது. இப்படி எழுதினா நேரத்தை நீங்க தனியா கணக்கு பார்க்கவே வேண்டாம், உங்க நுரையீரலே அதைப் பார்த்துக்கும்.

அளவு என்ன வைக்கலாம்னா, பெரியவங்க சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 தடவை மூச்சு விடுவாங்க, அதாவது ஒரு மூச்சுக்கு மூணுல இருந்து அஞ்சு செகண்டு. கையைத் தூக்கி இறக்குறப்போ இது கொஞ்சம் நிதானமாகும். உள்ள நாலு செகண்டு, வெளிய அஞ்சாறு செகண்டு, இதுக்கு மேல இழுக்காதீங்க. ஆஸ்துமா இருக்கிறவங்களும் சின்னப் பசங்களும் இதையே முழுசா பிடிக்க மாட்டாங்க, அவங்களுக்கும் ஒரு வரி வைக்கணும், அது அஞ்சாவது படியில வருது.

3. வரியை எழுத்து எண்ணி அளங்க

மெய் எழுத்துகளை விட்டுட்டு மத்த எழுத்துகளை மட்டும் எண்ணுங்க. நிதானமா மைக்ல படிச்சா ஒரு செகண்டுக்கு சுமார் மூணு எழுத்து போகும். அப்போ அஞ்சாறு செகண்டு வெளிமூச்சுக்கு 15ல இருந்து 18 எழுத்து. இது ஒரு தொடக்கக் கணக்குதான், உங்க வேகம் வேற மாதிரி இருக்கும், ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு உங்க குரல்லயே பாருங்க.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். "மேலிருந்து மெல்ல மெல்ல நாமும் மூச்சும் இறங்குவோம்." எண்ணினா மே-லி-ரு-து, மெ-ல, மெ-ல, நா-மு, மூ-சு, இ-ற-கு-வோ, மொத்தம் 16. சரியா உக்காருது.

எண்ணிக்கை சரியா வந்தும் வரி ஓடுற மாதிரி இருந்துச்சுன்னா அதுல குறில் அதிகமா இருக்குன்னு அர்த்தம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரைன்னு ஸ்கூல்ல படிச்சோமே, மாத்திரைன்னா ஒரு தடவை கண் இமைக்கிற நேரம், அந்தக் கணக்கு இங்க நிஜமாவே வேலைக்கு வருது. வெளிமூச்சு வரியில நெடிலும் ம, ன, ல, ழ மாதிரி இழுத்துச் சொல்ல முடியிற ஒலியும் வைங்க. "தட்டி விட்டுக் கட்டவிழ்த்து" மாதிரி வல்லினம் இரட்டிச்சு வந்தா ஒவ்வொரு இடத்துலயும் குரல் அடைபட்டு அடைபட்டு திறக்கும், கேக்கிறவங்க மூச்சும் படிப்படியா வெட்டி வெட்டிதான் வெளிய வரும்.

4. வினையை வரியோட கடைசிக்கு விடாதீங்க

நம்ம பேச்சுல வினை கடைசியிலதான் வரும். "இரு கைகளையும் கோத்துக்கொண்டு காதோரமாய்த் தலைக்கு மேலே" வரைக்கும் கேட்டுட்டு ஜனங்க சும்மாதான் நிப்பாங்க, ஏன்னா தூக்கணுமா இறக்கணுமான்னு இன்னும் தெரியாது. "உயர்த்துவோம்"னு கேட்டதும்தான் கை அசையும். அதுக்குள்ள வரிக்கான நேரமே முடிஞ்சிருக்கும். வாத்தியார் சாதாரணமா சொல்றப்போ இது பரவாயில்ல, ஒரு தடவை சொல்லிட்டு "செய்யுங்க"ன்னு அவர் நிறுத்துவாரு. கவிதையில அந்த நிறுத்தம் இல்ல.

அதனால சைகை வரியில திசையை முதல் சொல்லா வைங்க. "மேலே... கைகள் மேலே." முதல் சொல்லு காதுல விழுந்ததுமே கை கிளம்பிடும். வெளிமூச்சு வரியிலயும் "மேலிருந்து", "மெல்ல" மாதிரி இறங்குறதுக்கான குறிப்பு முன்னாடியே வந்துடணும், அப்புறம் வினை கடைசியில வந்தா தப்பில்ல, அவங்க ஏற்கனவே இறக்க ஆரம்பிச்சிருப்பாங்க.

வினை எந்த வடிவத்துல இருக்கணும்னும் முடிவு பண்ணிக்கோங்க. "நில், உயர்த்து, விடு"ன்னு எழுதினா முன்வரிசையில நிக்கிற 70 வயசு அம்மாவைப் பார்த்து உங்களால அதைச் சொல்ல முடியாது. "நில்லுங்கள், உயர்த்துங்கள்"னு போட்டா மரியாதை இருக்கு, ஆனா கவிதை அறிவிப்புப் பலகை மாதிரி ஆயிடுது. எனக்குப் பிடிச்சது "இறங்குவோம், இருப்போம்"தான். எல்லாரையும் சேர்த்துக்குது, அதோட "ஓம்"னு முடியிற ஒலியை மூச்சு தீருற வரைக்கும் இழுத்து விடலாம். உடம்பைப் பத்திச் சொல்ற வரிக்கு "இறங்கட்டும், இளகட்டும்" நல்லா இருக்கும், அது யாருக்கும் ஆணை போடுறதில்ல.

5. நிக்கிறதைச் சொல்ற வரிகள்: "நிமிர்ந்து நில்" வேண்டவே வேண்டாம்

கிட்டத்தட்ட எல்லா யோகா தினக் கவிதையிலும் "நெஞ்சை நிமிர்த்தி நில்" வரும். அதைக் கேட்ட உடனே கூட்டத்தை ஒரு தடவை பக்கவாட்டுல இருந்து பாருங்க. தோள் ரெண்டும் காது கிட்ட ஏறிடும், முகவாய் தூக்கிக்கும், முட்டி பின்னாடி போய் பூட்டிக்கும், வயித்தை உள்ள இழுத்துக்குவாங்க, இடுப்புக்கு மேல முதுகு குழிஞ்சு போயிடும். ஸ்கூல் அசெம்பிளியில "அட்டென்ஷன்" சொன்னா நிக்கிற நிலை அது. வயித்தை இறுக்கிப் பிடிச்சா உதரவிதானம் கீழ இறங்க இடம் இருக்காது, மூச்சு மேல் நெஞ்சோட நின்னுடும். மூச்சுக் கவிதையோட முதல் வரியே மூச்சை அடைக்கிறது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அதுக்குப் பதிலா கீழ இருந்து மேல போங்க, பாதம், முழங்கால், வயிறு, தோள். பாதம் முதல்ல வரணும், ஏன்னா பாதம் சரியா ஊனலைன்னா மேல எது சொன்னாலும் ஆடும். ரெண்டு பாதத்துக்கும் நடுவுல ரெண்டு அங்குலம் இடைவெளி விடச் சொல்லி மாஸ்டர் முன்னாடியே சொல்லட்டும், அதைக் கவிதையில திணிக்க வேண்டாம். முழங்கால் "இளகட்டும்", வயிறு "விரியட்டும்", தோள் "இறங்கட்டும்". நாலு இடம் போதும். முதுகெலும்புன்னு தனியா சொல்லவே தேவையில்ல, காதுக்கு நேர் கீழ தோள் வந்துட்டா அது தானா நிமிரும்.

அப்புறம் ஒரு சலுகை வரி கண்டிப்பா வேணும். உங்க வேகத்துக்கு மூச்சு விட முடியாதவங்க பயப்படாம அவங்க மூச்சை விட அனுமதி கொடுக்கிற வரி. "வந்த மூச்சு வரட்டும், போகும் மூச்சு போகட்டும்" மாதிரி. இது இல்லாட்டி வயசானவங்க உங்க வரியோட போட்டி போட்டு இழுத்து, மூணாவது சுத்துல தலை சுத்தி உக்காந்துடுவாங்க.

6. மொத்தக் கவிதையும் எப்படி வருதுன்னு பாருங்க

மேல சொன்னதையெல்லாம் வச்சு கட்டினது இது. சாய்கோடு வர்ற இடத்துல ஒரு சாதாரண மூச்சு நேரம் நிறுத்தணும், மௌனம்னு இருக்கிற இடத்துல நாலு செகண்டு.

பாதம் இரண்டும் மண்ணை அறியட்டும் /
முழங்கால் இளகட்டும், வயிறு விரியட்டும் /
காதின் நேர்கீழே தோள் வந்து இறங்கட்டும் /
வந்த மூச்சு வரட்டும், போகும் மூச்சு போகட்டும் /

மேலே... கைகள் மேலே
(மௌனம்)
மேலிருந்து மெல்ல மெல்ல நாமும் மூச்சும் இறங்குவோம் /

மேலே... இன்னும் மேலே
(மௌனம்)
வாழை இலையில் நீர்போல வழிந்து மெல்ல வருவோம் /

மேலே... ஒருமுறை மேலே
(மௌனம்)
ஆலம் விழுது மண்ணைத் தேடும் ஆசையோடு இறங்குவோம் /

உள்ளே ஓர் அலை /
வெளியே ஓர் அலை /
எண்ண வேண்டாம், கேட்டபடி இருப்போம்

மூணு சுத்து வச்சதுக்குக் காரணம் இருக்கு. முதல் சுத்துல பாதிப் பேர் பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்ப்பாங்க, ரெண்டாவதுலதான் சேருவாங்க, மூணாவதுல பார்க்காமலே பண்ணுவாங்க. அதனால சைகை வரி மூணு தடவையும் "மேலே"ன்னே தொடங்கணும், அங்க புதுமை காட்டாதீங்க. புதுசா சொல்ல நினைக்கிறதையெல்லாம் இறங்குற வரியில வைங்க. உவமையும் கீழ்நோக்கிப் போறதா இருக்கணும், வழியிற நீர், விழுது, இந்த மாதிரி. "சிறகு விரிப்போம்"னு இறங்குற வரியில போட்டா கை குழம்பி நடுவுலயே நின்னுடும்.

7. அடிக்கடி நடக்கிற தப்பு

மூச்சை அடக்கச் சொல்றது. திருமந்திரத்துல மூச்சை உள்ள இழுக்கிற பூரகம் 16, உள்ளயே நிறுத்துற கும்பகம் 64, வெளிய விடுற ரேசகம் 32 மாத்திரைன்னு கணக்கு இருக்கு, அதைக் கவிதையில கொண்டு வரணும்னு ஆசைப்படுறவங்க நிறைய. அது குரு பக்கத்துல இருந்து நாள் கணக்கா பழகினவங்களுக்கு. பிரஷர் மாத்திரை போடுறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க எல்லாம் நிக்கிற கூட்டத்துல "அடக்கு, நிறுத்து"ங்கிற சொல்லே வரக்கூடாது.

நிக்கிறப்போ கண்ணை மூடச் சொல்றது. கேக்க நல்லா இருக்கும், ஆனா கண்ணை மூடினா உடம்போட சமநிலை குறையும், புல்தரையில வயசானவங்க தள்ளாடுவாங்க. கண் மூடுற வரி வேணும்னா உக்காந்த நிலைக்கு எழுதுங்க.

குதிகால் தூக்குறதை வரியில வைக்கிறது. தாடாசனத்துல குதிகாலை உயர்த்துறது உண்டுதான், ஆனா இதய நோய், வெரிகோஸ் வெயின், தலைசுத்தல் இருக்கிறவங்க தூக்கக் கூடாது. அதை மாஸ்டர் தனியா, முடிஞ்சவங்களுக்கு மட்டும் சொல்லட்டும்.

வலது இடது சொல்றது. நீங்க கூட்டத்தைப் பார்த்து நிக்கிறீங்க, உங்க வலது அவங்களுக்கு எதிர்ப்பக்கமா தெரியும், பாதிப் பேர் சொல்லைக் கேப்பாங்க, பாதிப் பேர் உங்களைப் பார்ப்பாங்க. ரெண்டு கையும் ஒன்னா அசையுற ஆசனத்தை எடுத்ததே அதுக்குத்தான்.

அப்புறம் சாமி பேர். எல்லா வீட்டுக்காரங்களும் வர்ற இடம், மூச்சுன்னு சொன்னா எல்லாருக்கும் சொந்தம், அதோட நிறுத்திக்கிறதுதான் நல்லதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

8. மூணு பேரை நிக்க வச்சுப் பாருங்க

ஒரு வயசானவர், ஒரு ஸ்கூல் பையனோ பொண்ணோ, யோகாவே பண்ணாத ஒருத்தர். அவங்களுக்கு விளக்கம் எதுவும் சொல்லாதீங்க, நேரா படிங்க. படிக்கும்போது முகத்தைப் பார்க்காதீங்க, கையையும் தோளையும் பாருங்க.

வரி முடியிறதுக்கு முன்னாடியே கை தொடைக்கு வந்துடுச்சுன்னா வரி நீளம், ரெண்டு மூணு எழுத்து குறைங்க. வரி முடிஞ்சும் கை பாதி வழியில இருந்தா நீங்க வேகமா படிக்கிறீங்க, வரியை மாத்தாதீங்க, படிக்கிறதை நிதானமாக்குங்க. சின்னப் பசங்க எப்பவும் முன்னாடியே முடிச்சிடுவாங்க, அவங்க மூச்சு பெரியவங்களைவிட வேகம், அதுக்காகத் திருத்த வேண்டாம். "மேலே"ன்னு சொன்னதும் தோளும் சேர்ந்து ஏறினா முதல் பகுதியில தோள் வரியை இன்னும் மெதுவா படிச்சு நிறுத்தம் கூட்டுங்க. யாராவது பெருமூச்சு விட்டாலோ கொட்டாவி விட்டாலோ மௌனத்தை நீங்க இழுத்துட்டீங்கன்னு அர்த்தமா இருக்கலாம், நாலு செகண்டை மூணாக்கிப் பாருங்க.

9. அன்னிக்குக் காலையில

பெரிய எழுத்துல ஒரே பக்கத்துல பிரிண்ட் எடுத்து அட்டையில க்ளிப் போட்டுக்கோங்க. ஃபோனைப் பார்த்துப் படிச்சா நடுவுல கால் வரும், வெயில்ல ஸ்கிரீனும் தெரியாது. மௌனம் வர்ற இடத்தைக் கலர் பேனாவால பெரிய வட்டமா போடுங்க, பதட்டத்துல எல்லாரும் முதல்ல முழுங்குறது மௌனத்தைத்தான். அந்த வட்டத்துல விரலை வச்சு, நீங்க மூச்சு இழுத்து முடிச்சப்புறம்தான் விரலை எடுக்கணும்.

மைக்கை வாய்க்கு நேரா வைக்காம நாலு விரல் தள்ளி கொஞ்சம் ஓரமா பிடிங்க. நேரா வச்சா ப வர்ற இடமெல்லாம் ஸ்பீக்கர்ல காத்து வெடிக்கும், ச வர்ற இடமெல்லாம் சீறும், நீங்க மௌனத்துல இழுக்கிற மூச்சும் புயல் மாதிரி கேக்கும். ஒலிபெருக்கி தூரமா இருந்தா பின்வரிசைக்கு எதிரொலியும் சேர்ந்து வரும், அப்போ சைகை வரிக்கு அப்புறம் ஒரு செகண்டு கூட விடுங்க.

கடைசி வரி முடிஞ்சதும் "நன்றி வணக்கம்" சொல்லாதீங்க, கைதட்ட ஆரம்பிச்சுடுவாங்க, அத்தனை நேரம் சேர்ந்த மூச்சு கலைஞ்சுடும். மைக்கை மூடிட்டு நில்லுங்க, மாஸ்டர் அடுத்த ஆசனத்துக்குக் கூப்பிடட்டும், இதை முன்னாடி நாளே அவர்கிட்ட பேசி வச்சுக்கோங்க. கவிதையை பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் கொடுக்கணும்னு ஆசை இருந்தா நிகழ்ச்சி முடிஞ்சு சுண்டல் கொடுக்கிற இடத்துல கொடுங்க, முன்னாடியே கொடுத்தா எல்லாரும் தலையைக் குனிஞ்சு பேப்பரைப் படிச்சுட்டு நிப்பாங்க, கையும் மேல போகாது.